ஒரே மனைக்கு மூன்று பரப்பு: கிரயப் பத்திரத்தில் சென்ட், சதுர அடி, ஏக்கர் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி?

நிலம் – பத்திரம் – பதிவு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பொள்ளாச்சி அருகே ஒரு கிராமத்தில் வீடு கட்ட இடம் வாங்கப் போகிறோம். சென்ட் ஒன்றுக்கு 3,50,000 ரூபாய் என்று பேசி முன்பணம் கொடுத்துவிட்டோம். தனி உட்பிரிவு எண்ணில் தனிப்பட்டா இருக்கிறது. அதில் பரப்பு ‘0 - 5.00’ என்று உள்ளது. தரகர் 12½ சென்ட் என்கிறார். பத்திர எழுத்தர் கொடுத்த வரைவில், “கிழமேல் இருபுறமும் 65 அடி, தென்வடல் இருபுறமும் 82.10 அடி, ஆக விஸ்தீரணம் 5,336½ சதுர அடி, இதற்கு 12½ சென்ட்” என்று எழுதியிருக்கிறது. என் கணவர் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார். 12½ சென்ட்டுக்கு 5,445 சதுர அடி வருகிறது. எழுத்தரைக் கேட்டால், “எல்லாம் ஒன்றுதான், நான்கெல்லை சரியாக இருந்தால் போதும்” என்கிறார். எந்த எண்ணை நம்புவது? பதிவுக்கு அடுத்த வாரம் நாள் குறித்திருக்கிறோம்.

– ஒரு வாசகி, கோயம்புத்தூர் மாவட்டம்

பதில்: உங்கள் கணவர் போட்ட கணக்கு சரி, வரைவுதான் தவறு. அதில் இரண்டு தவறுகள் உள்ளன. ஒன்று இடத்தைக் கூட்டிக் காட்டுகிறது, மற்றது குறைத்துக் காட்டுகிறது. அப்படியே பதிவானால் நீங்கள் 12½ சென்ட்டுக்குப் பணம் கொடுத்து, 12¼ சென்ட்டுக்கான சதுர அடியைப் பத்திரத்தில் எழுதி வாங்கியிருப்பீர்கள். நடுவே விடுபடும் கால் சென்ட்டின் விலை ஏறக்குறைய 87,000 ரூபாய். பதிவுக்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று, இப்போது வரைவைத் திருத்தினால் போதும்.

முதலில் அளவுகள் எப்படி ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்பதைப் பார்த்துவிடுவோம். நம் ஊரில் நிலம் அளக்கப் பயன்பட்ட பழைய சங்கிலியின் நீளம் 66 அடி. ஒரு சங்கிலி நீளம், ஒரு சங்கிலி அகலம் உள்ள சதுரம் 4,356 சதுர அடி. அப்படிப் பத்துச் சதுரங்கள் சேர்ந்தது ஒரு ஏக்கர், அதாவது 43,560 சதுர அடி. ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு சென்ட். ஆகவே ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. அந்த .6 தோராயமாக வந்ததல்ல, அதுவே துல்லியமான அளவு. சிலர் 435 என்றும் சிலர் 436 என்றும் போட்டுப் பெருக்குவார்கள். ஐந்தாறு சென்ட்டில் இது பெரிதாகத் தெரியாது. ஒரு ஏக்கருக்குப் போட்டால் ஒன்றில் 60 சதுர அடி குறையும், மற்றதில் 40 சதுர அடி கூடும்.

பட்டாவில் இருப்பது சென்ட் கணக்கு அல்ல. தமிழ்நாட்டில் 1979-ல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் கொடுத்த பட்டாக்களில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில்தான் இருக்கும். ‘0 - 5.00’ என்பதில் கோட்டுக்கு இடப்பக்கம் ஹெக்டேர், வலப்பக்கம் ஏர். அதை “சுழியம் ஹெக்டேர், ஐந்து ஏர்” என்று படிக்க வேண்டும். ஐந்து சென்ட் என்றோ அரை ஹெக்டேர் என்றோ படிக்கக் கூடாது. ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அது 2.471 சென்ட்டுக்குச் சமம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகள் இவ்வளவுதான்:

- 1 ஏக்கர் = 100 சென்ட் = 43,560 சதுர அடி
- 1 சென்ட் = 435.6 சதுர அடி
- 1 ஹெக்டேர் = 100 ஏர் = 2.471 ஏக்கர்
- 1 ஏர் = 100 சதுர மீட்டர் = 2.471 சென்ட் = 1,076.4 சதுர அடி
- 1 கிரவுண்ட் = 2,400 சதுர அடி = 5.51 சென்ட்

இனி உங்கள் இடத்துக்கு வருவோம். பட்டாப்படி 5 ஏர். அதை 2.471-ஆல் பெருக்கினால் 12.355 சென்ட். சதுர அடியில் 500 சதுர மீட்டரை 10.764-ஆல் பெருக்கினால் 5,382. தரகர் சொன்ன 12½ என்பது இந்த 12.355-ஐ வாய்க்கணக்காக மேலே தூக்கிவிட்டது. பேச்சில் அப்படிச் சொல்வது ஊர் வழக்கம், அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. ஆனால் விலை சென்ட் கணக்கில் பேசப்பட்டிருக்கிறது. 12½ சென்ட்டுக்கு 43,75,000 ரூபாய், 12.355 சென்ட்டுக்கு 43,24,250 ரூபாய். 50,750 ரூபாய் வித்தியாசம் இந்த ஒரு முழுமையாக்கலில் மட்டும் வருகிறது.

இரண்டாவது தவறு சதுர அடியில் இருக்கிறது. பத்திரங்களில் நான் அடிக்கடி காண்பது இது. தென்வடல் “82.10 அடி” என்று எழுதியிருப்பதன் பொருள் 82 அடி 10 அங்குலம். அளந்தவர் அடிக்கும் அங்குலத்துக்கும் நடுவே ஒரு புள்ளி வைத்துக் குறித்திருக்கிறார். எழுத்தர் அந்தப் புள்ளியைத் தசமப் புள்ளி என்று எடுத்துக்கொண்டு, 65-ஐ 82.10-ஆல் பெருக்கி 5,336½ என்று போட்டுவிட்டார். ஒரு அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். பத்து அங்குலம் என்பது பத்தைப் பன்னிரண்டால் வகுத்தது, அதாவது 0.833 அடி. எனவே நீளம் 82.833 அடி. 65 × 82.833 என்று பெருக்கினால் 5,384 சதுர அடி வரும். இது பட்டாவின் 5,382-க்கு இரண்டே சதுர அடி கூடுதல். இடம், பட்டா, நாடா மூன்றும் ஒத்துப்போகின்றன, வரைவு மட்டும்தான் விலகி நிற்கிறது.

இந்த அங்குலத் தவறைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பத்திரத்தில் புள்ளிக்குப் பின்னால் 10 அல்லது 11 என்று இருந்தால், அது அநேகமாக அங்குலம்தான். .3, .6, .9 என்று வந்தாலும் சந்தேகப்படுங்கள். முறையே கால் அடி, அரை அடி, முக்கால் அடியாக இருக்கலாம். 40 அடி 6 அங்குலம் என்பது 40.5, ஒருபோதும் 40.6 ஆகாது. ஐயம் இருந்தால் அளந்தவரிடம் கேளுங்கள். பத்திரத்தில் “82 அடி 10 அங்குலம்” என்று சொல்லால் எழுதச் சொல்லுங்கள், அங்கே புள்ளியே வேண்டாம்.

மூன்றாவதாக, புலப்படத்தைப் பாருங்கள். எஃப்.எம்.பி. என்று சர்வேயர்கள் சொல்வது இதைத்தான். இப்போது நடைமுறையில் உள்ள படங்களில் அளவுகள் மீட்டரில் இருக்கும். உங்கள் உட்பிரிவின் கிழமேல் பக்கத்தில் 19.8, தென்வடல் பக்கத்தில் 25.2 என்பது போல எண்கள் இருக்க வேண்டும். இரண்டையும் பெருக்கினால் 498.96, ஏறக்குறைய 500 சதுர மீட்டர். 25.2 மீட்டரை அடியாக மாற்றினால் 82 அடி 8 அங்குலம்தான் வரும், நாடாவிலோ 82 அடி 10 அங்குலம் இருக்கிறது. இதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். புலப்படத்தில் மீட்டருக்குக் கீழே ஒரே தசமம் எழுதினால் 10 சென்டிமீட்டருக்குள் அடங்கும் வித்தியாசம் மறைந்துவிடும். பத்து சென்டிமீட்டர் என்பது கிட்டத்தட்ட நான்கு அங்குலம். இரண்டு அங்குல வித்தியாசம் அதற்குள் அடங்குகிறது. வித்தியாசம் அரை அடியைத் தாண்டினால்தான் எல்லைக் கல்லை மறுபடி பார்க்க வேண்டும்.

மேலும் ஒரு சோதனை மீதமிருக்கிறது. நீளத்தையும் அகலத்தையும் பெருக்குவது, மூலைகள் செங்கோணமாக இருந்தால் மட்டுமே சரி. நான்கு பக்கமும் சரியாக இருந்தும் மனை சாய்ந்திருந்தால் பரப்பு குறையும். நாடாவை மூலைக்கு மூலை இழுத்து இரண்டு குறுக்களவையும் எடுங்கள். உங்கள் அளவுக்கு ஒவ்வொரு குறுக்களவும் 105 அடி 3½ அங்குலம் வர வேண்டும். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் மனை செவ்வகம், பெருக்கல் கணக்கு செல்லும். ஒரு குறுக்களவு 100 அடி, மற்றது 110 அடிக்கு மேல் என்று வந்தால், பக்கங்கள் அப்படியே இருந்தாலும் உண்மைப் பரப்பு 5,357 சதுர அடிதான். 27 சதுர அடி குறைந்துவிடும். எதிர்ப் பக்கங்கள் சமமில்லாத மனையில் இது இன்னும் முக்கியம். இரு எதிர்ப் பக்கங்களின் சராசரியையும் பெருக்கிப் பரப்பு எழுதும் வழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. அந்த முறை உண்மைப் பரப்பைவிடக் கூடுதலாகவே காட்டும், குறைத்துக் காட்டாது. அதனால் சுமை எப்போதும் வாங்குபவர் பக்கம்தான் விழும். அப்படிப்பட்ட மனையைக் குறுக்களவால் இரண்டு முக்கோணமாகப் பிரித்து, தனித்தனியே பரப்பு கண்டு கூட்ட வேண்டும். சர்வேயர்கள் செய்வதும் இதுதான்.

எழுத்தர் “நான்கெல்லை சரியாக இருந்தால் போதும்” என்றது பாதி சரி. எல்லைக்கும் பரப்பு எண்ணுக்கும் முரண் வந்தால், எல்லைகள் தெளிவாக இருக்கும்போது எல்லையே நிற்கும் என்பது நம் நீதிமன்றங்கள் பொதுவாகப் பின்பற்றும் நெறி. ஆனால் அது வழக்கு வந்த பிறகு எதை வைத்துத் தீர்ப்பது என்பதற்கான நெறி. உங்கள் விலை சென்ட்டை வைத்துப் பேசியது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வழிகாட்டி மதிப்பையும் பரப்பையும் வைத்துத்தான் கணக்காகின்றன. அடுத்து வாங்க வருபவரும் வங்கியும் பார்ப்பது பத்திரத்தில் உள்ள எண்ணை. எல்லையும் எண்ணும் இரண்டுமே சரியாக இருக்க வேண்டும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். விற்பவரிடம் பட்டாவையும் புலப்படத்தையும் காட்டி, விலையை 12.355 சென்ட்டுக்குக் கணக்கிடலாம் என்று பேசி ஒப்புக்கொள்ளுங்கள். அவர் 12½-க்கே பிடிவாதமாக நின்றால், “மொத்தம் இவ்வளவு ரூபாய்” என்று ஒரே தொகையாகப் பேசி முடிப்பது நேர்மையானது. அப்படியானால் சென்ட் விலை என்ற பேச்சே பத்திரத்தில் வரக் கூடாது. ஒப்பந்தம் ஏற்கெனவே எழுதியிருந்தால், அதிலும் பரப்பைத் திருத்திக்கொள்ளுங்கள்.

பிறகு சொத்து விவரத்தை இந்த வடிவில் கேளுங்கள்: “ஹெக்டேர் 0, ஏர் 5.00 (500 சதுர மீட்டர்). இதற்குச் சமமான 12.355 சென்ட். இதற்குச் சமமான 5,382 சதுர அடி. நான்கெல்லைக்குள் கிழமேல் இருபுறமும் 65 அடி, தென்வடல் இருபுறமும் 82 அடி 10 அங்குலம்.” இதில் பட்டாவின் ஏர்தான் மூலம், மற்ற இரண்டும் அதிலிருந்து நேராகக் கிளைத்தவை. ஏரைச் சென்ட்டாக முழுமையாக்கி, அந்தச் சென்ட்டைச் சதுர அடியாக மாற்றி, அதை மறுபடி முழுமையாக்குவதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் மூலம். ஒவ்வொரு மாற்றத்தையும் மூல எண்ணிலிருந்து நேராகப் போடுங்கள். முழுமையாக்குவதைக் கடைசியில் ஒரே ஒரு முறை செய்யுங்கள்.

உங்கள் இடம் முழு உட்பிரிவும் சேர்ந்தது என்பதால் இது எளிதாக முடிகிறது. பெரிய சர்வே எண்ணில் ஒரு பகுதியை மட்டும் வாங்குபவர்கள் பட்டாவின் எண்ணைத் தம் பரப்பாக எழுத முடியாது. அவர்கள் சர்வேயரைக் கொண்டு உட்பிரிவு செய்து, தம் பகுதிக்கென வரும் மீட்டர் அளவைத்தான் மூலமாகக் கொள்ள வேண்டும்.

கேள்வி: என் தாத்தா 1962-ல் வாங்கிய புன்செய் நிலத்தை இப்போது விற்கிறோம். மூலப்பத்திரத்தில் “விஸ்தீரணம் ஏக்கர் 1.5” என்று இருக்கிறது. அதை ஒன்றரை ஏக்கர் என்றே எங்கள் வீட்டில் சொல்லி வந்தோம். விற்பதற்காகப் பட்டா எடுத்துப் பார்த்தால் ‘0 - 42.50’ என்று வருகிறது. வாங்குபவரின் வழக்கறிஞர் 45 சென்ட் குறைகிறது என்கிறார். அண்ணனோ, “பட்டாவில் தப்பு, மனு போடு” என்கிறார். யார் சொல்வது சரி?

– ஒரு வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: பட்டா தவறு என்று மனு போடுவதற்கு முன், ‘1.5’ என்பதை எப்படிப் படிக்க வேண்டும் என்று பார்த்துவிடுங்கள். பழைய பத்திரங்களில் புள்ளிக்கு இடப்பக்கம் ஏக்கர், வலப்பக்கம் சென்ட் என்று எழுதும் பழக்கம் இருந்தது. அப்படிப் படித்தால் ‘1.5’ என்பது ஒரு ஏக்கர் ஐந்து சென்ட். இன்றைய தசமக் கணக்கில் அதை 1.05 என்று எழுத வேண்டும். ஒன்றரை ஏக்கர் என்றால் அதே பழக்கத்தில் 1.50 என்று இருக்கும். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் எழுதாததால் வந்த குழப்பம் இது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் என்பது 40.47 ஏர். 1.05 ஏக்கர் 42.49 ஏர் ஆகிறது. 1.50 ஏக்கர் என்றால் 60.70 ஏர் ஆக வேண்டும். உங்கள் பட்டா 42.50 என்கிறது. எனவே தாத்தா வாங்கியது ஒரு ஏக்கர் ஐந்து சென்ட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று பலமாகத் தோன்றுகிறது. ‘45 சென்ட் குறைகிறது’ என்பது, 1.50 ஏக்கரிலிருந்து 1.05 ஏக்கரைக் கழித்ததில் வந்த எண்.

இருந்தாலும் அத்தோடு முடிவு கட்டிவிடாதீர்கள். வேறொரு வகையிலும் இதே எண் வரலாம். உண்மையிலேயே ஒன்றரை ஏக்கர் இருந்து, இடையில் யாராவது 45 சென்ட்டை, அதாவது 18.2 ஏரை, விற்றோ தானமாகக் கொடுத்தோ இருந்தாலும் பட்டாவில் 42.50 தான் மிஞ்சும். அதைத் தெரிந்துகொள்ள 1962 முதல் இன்று வரை வில்லங்கச் சான்று எடுங்கள். அந்தச் சர்வே எண்ணில் 45 சென்ட் கொண்ட பரிவர்த்தனை ஒன்றும் இல்லையென்றால் அந்த வழி அடைபட்டுவிடும். சாலைக்கோ வாய்க்காலுக்கோ அரசு எடுத்திருந்தால் அது பதிவு அலுவலகத்தில் தெரியாமல் போகலாம். அதற்கு வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். அந்தச் சர்வே எண்ணின் முழுப் பரப்பும் அதில் இருக்கும். உட்பிரிவுகள் இருந்தால் எல்லாவற்றின் பரப்பையும் கூட்டுங்கள், கூட்டல் மொத்தப் பரப்பைத் தர வேண்டும்.

மூன்றாவது சாட்சி மூலப்பத்திரத்தின் உள்ளேயோ அதற்கு முந்தைய பத்திரத்திலோ இருக்கலாம். தாத்தாவுக்கு விற்றவர் வாங்கிய பத்திரத்தில் அதே நிலத்துக்கு “ஏக்கர் ஒன்று சென்ட் ஐந்து” என்று எழுத்தால் எழுதியிருந்தால் கேள்வியே இல்லை. நிலத்தின் பகுதிகளைத் தனித்தனியே சொல்லி மொத்தம் எழுதியிருந்தாலும், கூட்டிப் பார்த்தால் பொருள் தெளிவாகும்.

புதிய பத்திரத்தில் பழைய எண்ணை அப்படியே நகல் எடுக்காதீர்கள். “ஹெக்டேர் 0, ஏர் 42.50, இதற்குச் சமமான ஏக்கர் 1.05 (ஒரு ஏக்கர் ஐந்து சென்ட்)” என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். மூலப்பத்திரத்தில் உள்ள ‘1.5’ என்பது ஒரு ஏக்கர் ஐந்து சென்ட்டைக் குறிப்பது என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டால், நாளைக்கு யாரும் பழைய பத்திரத்தைக் காட்டிக் கேள்வி எழுப்ப மாட்டார்கள். உங்கள் அண்ணனிடமும் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஒன்றரை ஏக்கர் என்று கடன் வாங்கியோ, பங்கு பிரித்தோ இருந்தால் அந்த ஆவணங்களையும் இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. 45 சென்ட் என்பது சின்ன வித்தியாசமல்ல.

கேள்வி: நாங்கள் வாங்கிய மனைக்கு ஏற்கெனவே பதிவு முடிந்துவிட்டது. பத்திரத்தில் “6 சென்ட், அதாவது 2,400 சதுர அடி, 40-க்கு 60” என்று இருக்கிறது. ஆறு சென்ட் என்றால் 2,600-க்கு மேல் வர வேண்டாமா? பட்டாவில் ‘0 - 2.23’ வந்திருக்கிறது. எங்களுக்கு 200 சதுர அடி குறைகிறதா? வீட்டுக்கடனுக்கு வங்கி ஆட்சேபம் சொல்கிறது.

– ஒரு வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: ஆறு சென்ட் என்றால் 6 × 435.6, அதாவது 2,613.6 சதுர அடி. உங்கள் கேள்வி நியாயமானதுதான். ஆனால் உங்களிடமிருந்து இடம் போகவில்லை. மூன்று சாட்சிகள் ஒரே பக்கம் நிற்கின்றன. 40-க்கு 60 என்ற அளவு 2,400 சதுர அடி. பட்டாவின் 2.23 ஏரை 1,076.4-ஆல் பெருக்கினாலும் 2,400 சதுர அடி. பத்திரத்திலேயே 2,400 என்றும் எழுதியிருக்கிறது. தனித்து நிற்பது ‘6 சென்ட்’ மட்டும்தான். ஒரு கிரவுண்ட் என்பது 5.51 சென்ட். அதை ‘ஆறு சென்ட்’ என்று சொல்லி விற்பது மனைப்பிரிவுகளில் பழக்கம். அது பேச்சிலிருந்து பத்திரத்துக்கு வந்துவிட்டது.

விலையை எப்படிக் கொடுத்தீர்கள் என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மனைக்கு மொத்தமாக அல்லது சதுர அடிக்கு இவ்வளவு என்று 2,400-ஆல் பெருக்கிக் கொடுத்திருந்தால் நீங்கள் கூடுதலாக ஒன்றும் கொடுக்கவில்லை. சென்ட்டுக்கு இவ்வளவு என்று 6-ஆல் பெருக்கியிருந்தால் அரை சென்ட்டுக்குச் சற்றுக் குறைவான பணம் கூடுதலாகப் போயிருக்கிறது. அதை விற்றவரிடம் பேச வேண்டியது தனி விஷயம். இப்போது பத்திரத்தைச் சரிசெய்யும் வழியைப் பார்ப்போம்.

பதிவான பத்திரத்தில் பேனாவால் திருத்த முடியாது. பிழைத்திருத்தல் பத்திரம் ஒன்று எழுதி, அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். உங்களுக்கு விற்றவரே அதை எழுதிக் கொடுத்து, அவரும் நீங்களும் கையொப்பமிட வேண்டும். அதில் மூலப்பத்திரத்தின் எண், ஆண்டு, பதிவு நாள் ஆகியவற்றைச் சொல்லி, “6 சென்ட் என்று தவறாகக் கண்டிருப்பதை 5.51 சென்ட் என்று திருத்திப் படிக்கவும். 2,400 சதுர அடி, நீள அகலங்கள், நான்கெல்லை ஆகியவற்றில் மாற்றமில்லை” என்று எழுத வேண்டும். எல்லையோ அளவோ மாறவில்லை என்று வெளிப்படையாகச் சொல்வது முக்கியம். சார்பதிவாளர் முதலில் பார்ப்பது, இந்தத் திருத்தத்தால் புதிதாக இடம் கைமாறுகிறதா என்பதை. பரப்பு கூடுகிற திருத்தமாக இருந்தால், கூடும் பரப்புக்கு முத்திரைத் தீர்வை கேட்கப்படும். உங்களுடையது குறைகிற திருத்தம் என்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

விற்றவர் இறந்துவிட்டிருந்தால் அவருடைய வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுக்கலாம். மறுத்தால், 1963-ஆம் ஆண்டின் குறித்த வகைத் துயருதவிச் சட்டம், பிரிவு 26-ன் கீழ் உரிமையியல் நீதிமன்றத்தில் ஆவணத்தைத் திருத்தக் கோரலாம். பட்டா, புலப்படம், பத்திரத்தின் நீள அகலம் எல்லாம் 2,400-ஐயே காட்டுவதால் உங்கள் பக்கம் சான்று வலுவாக இருக்கிறது. ஆனால் அது காலம் பிடிக்கும் வழி. விற்றவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே திருத்திவிடுங்கள்.

வங்கிக்கு இப்போதே ஒரு விளக்கம் கொடுக்கலாம். பட்டா நகல், புலப்படம், மனைப்பிரிவு வரைபடம் மூன்றையும் வைத்து, 2.23 ஏர், 223 சதுர மீட்டர், 2,400 சதுர அடி என்ற கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பிழைத்திருத்தல் பத்திரத்தைப் பதிவு செய்து தருகிறோம் என்றும் சொல்லுங்கள். கடன் மதிப்பீட்டாளர் 2,400-ஐ வைத்துத்தான் மதிப்புப் போடுவார். அவருக்கு ஐயம் வந்ததே அந்த ஆறு சென்ட்டால்தான்.

மூன்று கேள்விகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டியது

ஒரு வரைவு உங்கள் கைக்கு வந்ததும், கையொப்பத்துக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பட்டாவில் உள்ள ஏரை எடுத்து அதை மூலமாக வையுங்கள். அதிலிருந்து நேராகச் சென்ட்டும் சதுர அடியும் போடுங்கள். பிறகு வரைவில் உள்ள நீள அகலங்களை, அங்குலத்தைப் பன்னிரண்டால் வகுத்து அடியாக்கி, பெருக்கிப் பாருங்கள்.

வரும் எண்கள் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று சதுர அடிக்குள் இருந்தால் அது முழுமையாக்கலால் வந்தது, கவலை வேண்டாம். பத்து, ஐம்பது, நூறு என்று விலகினால் ஒரு காரணம் கட்டாயம் இருக்கும். அது புள்ளி வைத்த அங்குலமா, மேலே தூக்கிய சென்ட்டா, ஏக்கர்-சென்ட் புள்ளியைத் தசமமாகப் படித்ததா, சாய்ந்த மனையா என்று தேடுங்கள். இந்த நான்கில் ஒன்றிலேயே அநேகமாக அகப்பட்டுவிடும். அகப்படாவிட்டால் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்துச் சர்வேயரை வரவழைத்து, கல் நட்டு அளந்த பிறகு பதிவுக்குப் போங்கள். பதிவு ஒரு வாரம் தள்ளிப்போவதால் பெரிதாக ஒன்றும் கெடாது. தவறான எண்ணோடு பதிவான பத்திரத்தைத் திருத்த, விற்றவரையும் அவர் வாரிசுகளையும் தேடி அலைய வேண்டியிருக்கும்.